ஆண்டு விழாவில் துறைத் தலைவர் பேசும் நான்கு நிமிடம்: குழுவைப் பாராட்டி, குடும்பங்களுக்கு நன்றி சொல்லும் உரையைத் தயாரிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஓசூர்ப் பக்கம் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் பதினோரு வருடம் பராமரிப்புத் துறையைக் கவனித்துக்கொண்டேன். ஒவ்வொரு வருடமும் ஆண்டு விழாவில் துறைத் தலைவர்கள் ஆளுக்கு நான்கு நிமிடம் பேச வேண்டும். எதிரே ஊழியர்கள் மட்டும் இருக்க மாட்டார்கள். அவர்களுடைய அம்மா, அப்பா, மனைவி, கணவர், பிள்ளைகள் எல்லாரும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள்.

பராமரிப்புத் துறைக்கு ஒரு தனிக் குணம் உண்டு. மற்றவர்களுக்கு லீவு வரும் நாள்தான் எங்களுக்கு வேலை வரும் நாள். மூன்று ஷிஃப்ட்டும் லைன் ஓடிக்கொண்டிருக்கும்போது எந்த மெஷினையும் திறக்க முடியாது. பொங்கலுக்கு மூன்று நாள் மூடினால்தான் பெரிய வேலைகளில் கை வைக்க முடியும். ஆக, எங்கள் ஆட்களின் வீட்டில் பொங்கல் பானை பொங்கும்போது அந்த ஆள் மின்சாரப் பேனல் ரூமில் இருப்பார். குடும்பங்களுக்கு நன்றி சொல்வது எங்கள் துறையில் மரியாதைக்குச் சொல்லும் வார்த்தை இல்லை, உண்மையான கடன். அதனால் அந்தத் துறையை வைத்தே சொல்கிறேன். மருத்துவமனை, பஸ் டிப்போ, வங்கி என்று எங்கே இருந்தாலும் உங்கள் துறைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

நேரத்தை முதலில் கணக்கிடுங்கள்

எழுத உட்காருவதற்கு முன் விழா ஏற்பாட்டுக் குழுவிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். எத்தனை நிமிடம், எதற்கு அடுத்து? குத்துவிளக்கு, ஆண்டறிக்கை எல்லாம் முடிந்த பிறகு உங்கள் முறை வந்தால் கூட்டம் ஏற்கெனவே முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருக்கும். பிள்ளைகளின் நடனத்துக்கு முன்னால் என்றால், பாதி அம்மாக்கள் ஒப்பனை அறையில் இருப்பார்கள். அப்படி வந்தால், நடனத்துக்குப் பிறகு மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். குடும்பங்களுக்கு நன்றி சொல்லும்போது அவர்கள் நாற்காலியில் இருக்க வேண்டும் அல்லவா.

மேடையில் நிதானமாகத் தமிழ் பேசும்போது எனக்கு நிமிடத்துக்கு 75 முதல் 85 சொற்கள் வருகின்றன. ஆங்கில உரைக்குச் சொல்லும் கணக்கை வைத்து எழுதினால் ஏமாந்து போவோம். நம் சொற்கள் நீளமானவை, ஒரு சொல்லே ஒரு வாக்கியத்தின் வேலையைச் செய்யும். ஆக நான்கு நிமிடத்துக்கு 300 சொல் போதும். கைதட்டல், சிரிப்பு, ஒருவர் எழுந்து நிற்க ஆகும் நேரம் எல்லாம் இதற்குள் அடங்கிவிடும். 300 சொல் என்பது பெரிய எழுத்தில் அச்சடித்தால் இரண்டு பக்கம். மூன்றாவது பக்கத்துக்குப் போனால் எதையோ எடுக்க வேண்டும் என்று அர்த்தம்.

மூன்று வாரத்துக்கு முன்பே செய்தி சேகரியுங்கள்

நாம் எல்லாவற்றையும் நினைவில் வைத்திருக்கிறோம் என்று நம்பிவிடக் கூடாது. துறைத் தலைவரின் நினைவில் நிற்பது அவரிடம் வந்து சேர்ந்த செய்திகள் மட்டும்தான். ராத்திரி இரண்டு மணிக்குச் சத்தமில்லாமல் சரிசெய்யப்பட்ட கோளாறு காலையில் பதிவேட்டில் ஒரு வரியாகத்தான் கிடக்கும்.

நான் முதலில் பிரேக்டவுன் ரிஜிஸ்டரையும் ஷிஃப்ட் லாக் புத்தகத்தையும் எடுத்துப் பன்னிரண்டு மாதத்தையும் புரட்டுவேன். நீண்ட நேரம் நின்ற கோளாறுகளைத் தேட மாட்டேன். ஒரே வேலைக்கு மூன்று நான்கு பேர் கையெழுத்து இருக்கும் இடங்களைக் குறித்துக்கொள்வேன். ராத்திரி சி ஷிஃப்ட் ஆள் எழுதி வைத்த குறிப்பைக் காலை ஏ ஷிஃப்ட் ஆள் படித்து, பாதி வேலையை முடித்து, மீதியை அடுத்து வரும் பி ஷிஃப்ட்டுக்கு ஒப்படைத்திருப்பார். குழுவாக வேலை செய்தார்கள் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

அப்புறம் ஒவ்வொரு ஷிஃப்ட் பொறுப்பாளரிடமும் ஒரே கேள்வி கேட்பேன்: "இந்த வருஷம் யார் செஞ்ச உதவி உங்க வேலையக் காப்பாத்துச்சு? உங்க ஷிஃப்ட் ஆள் வேண்டாம், வேற ஷிஃப்ட், வேற துறை ஆளா சொல்லுங்க." "யார் நன்றாக வேலை செய்தார்?" என்று கேட்டால் எப்போதும் வரும் அதே இரண்டு மூன்று பெயர்கள்தான் வரும். இப்படிக் கேட்டால் ஸ்டோர்ஸில் இருப்பவர், கேன்டீன்காரர், கேட் செக்யூரிட்டி, ஒப்பந்தத் தொழிலாளி என்று நாம் யோசிக்காத பெயர்கள் வரும்.

ஒரே ஒரு சம்பவம்

கிடைத்த செய்திகளில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு நிமிடத்தில் ஆறு சாதனை சொன்னால் ஒன்றும் மனசில் நிற்காது. நல்ல சம்பவத்துக்கு நான் பார்க்கும் அடையாளம், அது கை மாறிய கதையாக இருக்க வேண்டும். ஒருவர் கண்டுபிடித்தார், இன்னொருவர் காத்தார், மூன்றாமவர் பொருள் கொண்டுவந்தார், நான்காமவர் முடித்தார் என்று சங்கிலி போல வர வேண்டும். நடுவில் ஒரு கண்ணியை எடுத்தால் வேலை நின்றிருக்கும் என்று கேட்பவருக்குப் புரிய வேண்டும். "எல்லாரும் ஒற்றுமையாக உழைத்தோம்" என்று சொல்லாமலே ஒற்றுமை அதில் தெரிந்துவிடும்.

நான் ஒரு வருடம் எடுத்துக்கொண்ட சம்பவம் இது. நவம்பரில், சி ஷிஃப்ட்டில் ஒரு எலக்ட்ரீஷியன் சூட்டைக் காட்டும் தெர்மல் கேமராவில் மெயின் பேனலைப் பார்த்துக்கொண்டு வந்தார். மின்சாரம் உள்ளே வரும் மூன்று கம்பிகளில், நாங்கள் பேஸ் என்று சொல்பவற்றில், இரண்டு 58 டிகிரியில் இருந்தன, ஒன்று மட்டும் 94 டிகிரி காட்டியது. ஒரே லோடு ஓடும் மூன்று பேஸில் ஒன்று மட்டும் இவ்வளவு சூடானால், அந்த கேபிள் முனையை இணைக்கும் லக் தளர்ந்திருக்கிறது அல்லது அரித்திருக்கிறது என்று அர்த்தம். அப்படியே விட்டால் ஒருநாள் எரிந்துவிடும். ஆனால் அதைத் திறக்க மொத்தத் தொழிற்சாலையின் மின்சாரத்தையும் நிறுத்த வேண்டும். அதற்குப் பொங்கல்தான் கதி.

இடைப்பட்ட இரண்டு மாதம் லோடைக் கொஞ்சம் குறைத்து, ஒவ்வொரு ஷிஃப்ட்டிலும் சூட்டை அளந்து எழுதினார்கள். உற்பத்தித் துறைக்காரர்கள் இரண்டு மெஷினை ஒரே நேரத்தில் ஓட்டாமல் மாற்றி மாற்றி ஓட்ட ஒத்துக்கொண்டார்கள். ஸ்டோர்ஸ்காரர் போகியன்று மாலை வரை காத்திருந்து புது லக்குகளை வாங்கி வைத்தார். பொங்கலன்று காலை மின்சாரத்தை நிறுத்தி, யாரும் தவறிப் போட்டுவிடாதபடி சுவிட்சுக்குப் பூட்டுப் போட்டு, டேக் மாட்டி வேலையைத் தொடங்கினார்கள். ஜெனரேட்டர் வெளிச்சத்தில் நான்கு எலக்ட்ரீஷியன், இரண்டு ஃபிட்டர், ஒரு ஒப்பந்த உதவியாளர். காணும் பொங்கலன்று இரவு 7.40க்கு மின்சாரம் திரும்ப வந்தது. மறுநாள் முழு லோடில் அளந்தபோது மூன்று பேஸுக்கும் நடுவே 4 டிகிரிதான் வித்தியாசம்.

இந்தக் கதையில் கோளாறு முன்கூட்டியே பிடிபட்டது, யாருக்கும் அடி இல்லை, எந்தத் துறை மீதும் பழி இல்லை. மூன்றும் இருந்ததால்தான் மேடைக்கு எடுத்தேன். விபத்து நடந்த, நடக்க இருந்த சம்பவமாக இருந்தால் மேடைக்குக் கொண்டுபோக வேண்டாம். "இவ்வளவு ஆபத்தான வேலையா செய்கிறான் என் மகன்?" என்ற பயத்தோடு ஒரு அம்மா வீட்டுக்குப் போகக் கூடாது. உற்பத்தித் துறை கெடுத்ததை நாங்கள் சரிசெய்தோம் என்ற தொனியும் வேண்டாம், அந்தத் துறையின் குடும்பங்களும் அதே பந்தலில்தான் இருக்கிறார்கள். தேர்ந்தெடுத்த சம்பவத்தை ஹெச்.ஆரிடமும் உங்கள் மேலதிகாரியிடமும் ஒருமுறை சொல்லிவிடுங்கள்.

குடும்பத்துக்குப் புரியும் மொழியில் சொல்லுங்கள்

என் முதல் வரைவு இப்படி இருந்தது: "மெயின் இன்கமர் ஆர் பேஸ் டெர்மினேஷனில் ஹாட் ஸ்பாட் கண்டறியப்பட்டு, திட்டமிட்ட ஷட்டவுனில் வெற்றிகரமாகச் சரிசெய்யப்பட்டது." இது மாதாந்திர அறிக்கை. முன்வரிசையில் இருக்கும் அறுபது வயது அம்மாவுக்கு இதில் ஒரு சொல்லும் சேராது. தன் மகனைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்றுகூட அவருக்குத் தெரியாது.

நான் வைத்திருக்கும் சோதனை எளிது. அந்தப் பத்தியை வீட்டில், நம் வேலை தெரியாத ஒருவரிடம் வாசித்துவிட்டு, "இதில் என்ன நடந்தது?" என்று கேட்க வேண்டும். என் மனைவியிடம் வாசித்தபோது, "ஏதோ சூடாச்சு, சரி பண்ணீங்க, அவ்வளவுதானே?" என்றார். பிறகு இப்படி மாற்றினேன்: "மூன்று பிள்ளைகளில் ஒன்றுக்கு மட்டும் காய்ச்சல் அடித்த மாதிரி, மூன்று கம்பியில் ஒன்று மட்டும் சுட்டது." உடனே அவர், "அப்போ யாராவது ராத்திரி முழுக்க பக்கத்துல இருந்து பாத்துக்கணுமே" என்றார். ஒவ்வொரு ஷிஃப்ட்டிலும் சூட்டை அளந்து எழுதியதை அந்த ஒரு உவமை விளக்கிவிட்டது. நான் தனியாக விளக்க வேண்டியிருக்கவில்லை.

எண் ஒன்று போதும். 94, 58, 4 என்று எல்லாவற்றையும் அடுக்காதீர்கள். நான் "இரண்டு மாதம்" என்ற கால அளவை மட்டும் வைத்துக்கொண்டேன். அது குடும்பங்களுக்கும் தெரிந்த கணக்கு, அந்த இரண்டு மாதம் வீட்டில் போன் அடித்ததும் எழுந்து ஓடியதை அவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

குடும்பங்களுக்கு நன்றி: இங்கேதான் கவனம் அதிகம் வேண்டும்

எல்லாரும் சொல்லும் வரி ஒன்று உண்டு: "வீட்டில் இருக்கும் உங்கள் தியாகத்துக்கு நன்றி." இதில் எனக்கு இரண்டு சங்கடம். தியாகம் என்ற சொல் கேட்பவர் மனசில், "ஆமாம், எவ்வளவோ இழந்தோம்" என்ற வருத்தத்தைத்தான் கிளறும். அதோடு, எதை விட்டுக்கொடுத்தார்கள் என்று சொல்பவருக்குத் தெரியவில்லை என்பதும் அந்த வரியில் தெரிந்துவிடும். அதற்குப் பதில் அவர்கள் செய்த ஒரு காரியத்தைச் சொல்லுங்கள். விட்டுக்கொடுத்ததைவிடச் செய்ததைச் சொல்வது அவர்களுக்கும் பெருமையாக இருக்கும்.

அந்தப் பொங்கலன்று மதியம் நடந்தது இது. எலக்ட்ரீஷியன் ஒருவரின் அப்பா மொபெட்டில் கேட்டுக்கு வந்தார். ஹேண்டிலில் ஒரு பெரிய தூக்குச்சட்டி தொங்கியது, மேலே வாழை இலையை மடித்துக் கட்டியிருந்தது. உள்ளே சர்க்கரைப் பொங்கல். மகனுக்கு மட்டும் இல்லை, ஏழு பேருக்கும் காணும் அளவுக்கு. "அவங்க அம்மா குடுத்து அனுப்பிச்சா, எல்லாருக்கும் குடுங்க" என்று செக்யூரிட்டியிடம் சொல்லிவிட்டு, உள்ளே கூட வராமல் திரும்பிப் போய்விட்டார். பேனல் ரூமுக்குள் சாப்பிடக் கூடாது என்பதால் வெளியே சிமெண்ட் திண்ணையில் உட்கார்ந்து, ஜெனரேட்டர் சத்தத்துக்கு நடுவே ஏழு பேரும் இலையில் வைத்துச் சாப்பிட்டார்கள். இலையில் நெய் இன்னும் உறையாமல் இருந்ததை நானே பார்த்தேன்.

நன்றி சொல்ல இதற்கு மேல் எனக்கு எதுவும் தேவைப்படவில்லை. ஆனாலும் மேடையில் சொல்வதற்கு முன் அந்த எலக்ட்ரீஷியனிடம், அவர் மூலமாக அவருடைய பெற்றோரிடம் அனுமதி கேட்டேன். இதைத் தவறாமல் செய்யுங்கள். நல்ல விஷயம்தானே என்று நாம் நினைப்பது அவர்களுக்குக் கூச்சமாக இருக்கலாம். பிரசவம், உடம்பு சரியில்லாதது, கடன், வீட்டுச் சண்டை ஆகியவற்றை அனுமதி கொடுத்தாலும் மேடையில் தொடாதீர்கள். மனைவி ஆஸ்பத்திரியில் இருந்தபோதும் வேலைக்கு வந்தார் என்று பாராட்டுவதைப் பல மேடைகளில் கேட்டிருக்கிறேன். அந்த மனைவி அதே கூட்டத்தில் உட்கார்ந்து அதைக் கேட்க வேண்டியிருக்கிறது. அது பாராட்டு இல்லை, அவர் மனசைக் குத்துவது. மற்றவர்களும் அப்படித்தான் வேலைக்கு வர வேண்டும் என்று சொன்ன மாதிரியும் ஆகிவிடும்.

அடுத்து, குடும்பம் என்றால் யார்? "வீட்டில் இருக்கும் மனைவிமார்களுக்கு நன்றி" என்று ஆரம்பித்தால் பாதிப் பேரை விட்டுவிடுவோம். எங்கள் துறையில் இரண்டு பெண் டெக்னீஷியன்கள் இருந்தார்கள். அவர்கள் பி ஷிஃப்ட்டில் இருக்கும்போது ஒருவரின் குழந்தையை மாமியார் பார்த்துக்கொண்டார், இன்னொருவரைக் கணவர் இரவு பத்து மணிக்கு வந்து அழைத்துப் போனார். கல்யாணமாகாத பையன்கள் அறை எடுத்துத் தங்கியிருந்தார்கள். அவர்களுடைய அம்மா தருமபுரியிலோ திருவண்ணாமலையிலோ இருந்துகொண்டு தினமும் போனில், "சாப்பிட்டியா" என்று கேட்பார். விழாவுக்கு வர முடியாத குடும்பங்களையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒப்பந்தத் தொழிலாளர்களின் குடும்பங்களுக்குப் பல இடங்களில் அழைப்பே போவதில்லை. உங்களால் முடியுமானால் ஏற்பாட்டுக் குழுவிடம் பேசி அழைப்பு வாங்குங்கள். முடியாவிட்டால், உரையிலாவது அவர்களை விட்டுவிடாதீர்கள்.

நன்றியோடு நிறுத்திக்கொள்வதைவிட, செய்துகொடுக்கக்கூடிய ஒன்றைச் சேர்த்துச் சொன்னால் குடும்பங்களுக்கு அது பொருளுள்ளதாக இருக்கும். அந்த வருடம் நான் சொன்னது, அடுத்த பொங்கல் வேலைக்கு யார் யார் வர வேண்டும் என்ற பட்டியலை டிசம்பர் முதல் வாரத்திலேயே ஒட்டிவிடுவோம், இந்த வருடம் வந்தவர்கள் அடுத்த வருடம் வர வேண்டாம் என்பது. இதை நிர்வாகத்திடம் முன்கூட்டியே பேசி, சரி என்று வாங்கிய பிறகுதான் எழுதினேன். மேடை உற்சாகத்தில் புதிதாக ஒன்றை அறிவிக்காதீர்கள். ஏதாவது தடை வந்து அது நடக்காமல் போனால், அடுத்த வருடம் அதே குடும்பங்களின் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும்.

பெயர்கள்

இருபத்து மூன்று பேர் இருக்கும் துறையில் எல்லாப் பெயரையும் வாசித்தால் ஒரு நிமிடம் போய்விடும். மூன்று பெயர் மட்டும் சொன்னால் இருபது வீட்டில் வருத்தம். நான் கடைப்பிடித்த வழி இது. சம்பவத்தில் வரும் ஆட்களின் பெயர் கதையோடு சேர்ந்து வரும். மற்ற எல்லாரையும் ஷிஃப்ட் வாரியாக எழுந்து நிற்கச் சொல்வேன், குடும்பத்தோடு. அந்த நேரத்தில் பின்னால் இருக்கும் திரையில் எல்லாப் பெயரும் வரும். பெயர்ப் பட்டியலை ஹெச்.ஆர். பட்டியலோடு ஒப்பிட்டு, எழுத்துப்பிழை இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

விட்டுப் போக வாய்ப்புள்ளவர்கள், விழா நேரத்தில் டியூட்டியில் இருப்பவர்கள்தான். ஒரு வருடம் நான் இந்தத் தவறைச் செய்தேன். பி ஷிஃப்ட்டில் நான்கு பேர் வேலையில் இருந்தார்கள், அவர்களில் ஒருவருடைய மனைவியும் பையனும் விழாவுக்கு வந்திருந்தார்கள். எழுந்து நின்றவர்களையே பையன் தேடித் தேடிப் பார்த்துவிட்டு, சாப்பாட்டு வரிசையில் என்னிடமே வந்து, "எங்க அப்பா பேரு ஏன் சொல்லல சார்?" என்று கேட்டான். அன்றிலிருந்து உரையில் நான் முதலில் எழுதும் வரி, அந்த நேரத்தில் வேலையில் இருப்பவர்களைப் பற்றியது. உரையின் முடிவில் வரும் அந்த வரியை எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுதுவேன்.

எந்தத் தமிழில் எழுதுவது

முழுக்க எழுத்துத் தமிழில் வாசித்தால் செய்தி வாசிப்பது போல இருக்கும், தன் வீட்டு ஆளைப் பற்றிப் பேசுகிறார் என்ற நெருக்கம் வராது. முழுக்கக் கொச்சையாகப் பேசினால் மேடைக்குரிய மரியாதை போய்விடும். நான் வணக்கத்தையும் கடைசி நன்றியையும் எழுத்துத் தமிழுக்குப் பக்கத்திலும், நடுவில் வரும் கதையை மரியாதையான பேச்சுத் தமிழிலும் வைப்பேன். எப்படிப் பேசப் போகிறோமோ அப்படியே எழுதுங்கள், 'செய்தார்கள்' என்று எழுதிவிட்டு மேடையில் 'செஞ்சாங்க' என்று மாற்றப் பார்த்தால் நாக்கு தடுமாறும்.

ஊர் கூடித் தேர் இழுப்பது, கூடி வாழ்ந்தால் கோடி நன்மை இரண்டையும் உங்களுக்கு முன் பேசுபவர்கள் சொல்லியிருப்பார்கள். விட்டுவிடலாம். மேடையில் இருப்பவர்களை ஒவ்வொருவராக விளித்து வணக்கம் சொல்வதும் ஒரு நிமிடத்தைத் தின்னும். தொகுப்பாளர் அதைச் செய்திருப்பார், உங்களுக்கு ஒரு வரி போதும். ஓசூரில் கன்னடம், தெலுங்கு பேசும் குடும்பங்கள் நிறைய, வடமாநிலத்துப் பிள்ளைகளும் உண்டு. அவரவர் மொழியில் ஒரு வணக்கம் சொன்னால் அந்தப் பக்கத்து நாற்காலிகள் நிமிர்ந்து உட்காரும். உச்சரிப்பை மட்டும் அந்த மொழிக்காரர் ஒருவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

முழு உரை

மேலே சொன்ன சம்பவத்தை வைத்து நான் பேசியது ஏறக்குறைய இதுதான். பெயர் வரும் இடத்தில் உங்கள் ஆட்களின் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள்.

> பெரியவர்களுக்கும், சகோதர சகோதரிகளுக்கும், பிள்ளைகளுக்கும் வணக்கம். எல்லரிகூ நமஸ்கார. அந்தரிக்கி நமஸ்காரம். சப்கோ நமஸ்தே.
>
> நாங்க பராமரிப்புத் துறை. இந்த வருஷம் எங்க துறையில நடந்த ஒரே ஒரு விஷயத்தச் சொல்றேன்.
>
> போன நவம்பர்ல, ராத்திரி ஷிஃப்ட்ல, (பெயர்) ஒரு விஷயத்தக் கவனிச்சார். ஃபேக்டரிக்கு கரண்ட் வர்ற மூணு கம்பியில ஒண்ணு மட்டும் சுட்டுச்சு. மூணு பிள்ளைங்கள்ல ஒண்ணுக்கு மட்டும் காய்ச்சல் வந்த மாதிரி. உடனே மருந்து குடுக்க முடியாது, ஃபேக்டரியவே நிறுத்தணும். அதனால பொங்கல் வரைக்கும் ரெண்டு மாசம், மூணு ஷிஃப்ட்லயும் ஆள் மாத்தி ஆள் பக்கத்துலயே இருந்து பாத்துக்கிட்டாங்க. உற்பத்தித் துறை நண்பர்கள் எங்களுக்காக மெஷின மாத்தி மாத்தி ஓட்டினாங்க. ஸ்டோர்ஸ் (பெயர்) போகி அன்னிக்கு வீட்டுக்குப் போகாம காத்திருந்து சாமான் வாங்கி வச்சாரு.
>
> பொங்கல் அன்னிக்கு காலையில (ஏழு பேரின் பெயர்கள்) வேலைய ஆரம்பிச்சாங்க. காணும் பொங்கல் ராத்திரி விளக்கு எரிஞ்சுது. இதுல ஒருத்தர் இல்லன்னாலும் அந்த விளக்கு எரிஞ்சிருக்காது.
>
> அந்தப் பொங்கல் மதியம் கேட்டுக்கு ஒரு தூக்குச்சட்டி வந்துச்சு. (பெயர்) அவர்களோட அம்மா ஏழு பேருக்கும் பொங்கல் வச்சு, அப்பா கிட்ட குடுத்து அனுப்பியிருந்தாங்க. அம்மா, அன்னிக்கு எங்க பண்டிகைய நீங்கதான் கொண்டுவந்தீங்க.
>
> ராத்திரி போன் அடிச்சதும் எழுந்து டீ போட்டுக் குடுத்தவங்க, பி ஷிஃப்ட் முடியுற வரைக்கும் பேத்தியத் தூங்க வச்சவங்க, பத்து மணிக்குக் கேட்டுல வந்து நின்னவங்க, ஊர்லேர்ந்து தினமும் 'சாப்பிட்டியா'ன்னு கேக்குறவங்க, இன்னிக்கு இங்க வர முடியாதவங்க, உங்க எல்லாருக்கும் நன்றி. அடுத்த பொங்கல் வேலைப் பட்டியல் டிசம்பர் முதல் வாரத்துலயே உங்க கைக்கு வந்துடும். இந்த வருஷம் வந்தவங்க அடுத்த வருஷம் வீட்டுல இருப்பாங்க.
>
> பராமரிப்புத் துறை நண்பர்கள் குடும்பத்தோட எழுந்து நில்லுங்க. முதல்ல ஏ ஷிஃப்ட். பி ஷிஃப்ட். சி ஷிஃப்ட்.
>
> நாம இங்க விளக்கு வெளிச்சத்துல உட்கார்ந்திருக்கோம். இந்த நிமிஷம் உள்ளே வேலையில் இருப்பவர்கள் (நான்கு பெயர்கள்). அவர்கள் குடும்பத்தாரும் தயவுசெய்து எழுந்து நில்லுங்கள். உங்களுக்கு எங்கள் அனைவரின் கைதட்டல். நன்றி, வணக்கம்.

டியூட்டியில் இருப்பவர்களின் குடும்பத்தை ஏன் கடைசியில் வைத்தேன் என்றால், தனியாக எழுந்து நிற்பவர்களுக்குத்தான் கைதட்டல் அதிகம் விழும். ஆனால் முன்கூட்டியே அவர்களிடம் சொல்லிவைக்க வேண்டும். கூச்சப்படுபவர் என்றால் உட்கார்ந்தபடியே இருக்கட்டும், பெயர் மட்டும் போதும்.

ஒத்திகையும் விழா நாளும்

மூன்று முறை சத்தமாக, நின்றுகொண்டு வாசியுங்கள். மனசுக்குள் வாசிப்பது கணக்கில் வராது. போனில் பதிவுசெய்து நேரம் பாருங்கள். நான்கரை நிமிடம் வந்தால் வேகத்தைக் கூட்டாமல் ஒரு வாக்கியத்தை எடுங்கள். எடுப்பதென்றால் வேலையைப் பற்றிய பகுதியிலிருந்து எடுங்கள், குடும்பப் பகுதியில் கை வைக்க வேண்டாம்.

தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் பெரிய எழுத்தில் அச்சடியுங்கள். பெயர்களைக் கறுப்பாகத் தடிப்பாக்குங்கள். ஒரு பத்தி பாதியில் அடுத்த பக்கத்துக்குப் போகக் கூடாது, தாளைத் திருப்பும் இடைவெளியில் கதை அறுந்துவிடும். மைக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி நில்லுங்கள். பந்தலில் எதிரொலி இருக்கலாம், ஒவ்வொரு பெயருக்கும் பிறகு மூச்சு விடும் நேரம் கொடுத்தால்தான் அடுத்த பெயர் தெளிவாகக் கேட்கும். தூக்குச்சட்டி கதையைச் சொல்லும்போது தாளைப் பார்க்காமல் அந்த அம்மா உட்கார்ந்திருக்கும் திசையைப் பாருங்கள். எங்கே உட்காருவார்கள் என்பதை விழா தொடங்கும்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

முன்னால் பேசுபவர்கள் நேரத்தை இழுத்துவிட்டு, "சார், ரெண்டு நிமிஷத்துல முடிச்சுருங்க" என்று தொகுப்பாளர் காதில் சொல்வது அடிக்கடி நடக்கும். அதற்கு ஒரு சுருக்கத்தைப் பின்பக்கத்தில் எழுதி வைத்திருப்பேன். வணக்கம், தூக்குச்சட்டி, எழுந்து நிற்பது, டியூட்டியில் இருப்பவர்கள். கம்பி சூடான கதை முழுக்கப் போய்விடும், பரவாயில்லை.

விழா முடிந்ததும் இன்னும் ஒரு வேலை இருக்கும். சாப்பாட்டுப் பொட்டலம் நான்கை எடுத்துக்கொண்டு, அதே தாளோடு உள்ளே போவேன். பேனல் ரூம் வாசலில் அந்த நான்கு பேரையும் உட்கார வைத்து, கடைசிப் பத்தியை அவர்கள் பெயரோடு வாசித்துக் காட்டுவேன். அவர்கள் வீட்டார் எழுந்து நின்றதை யாராவது போனில் படம் எடுத்திருந்தால் அதையும் காட்டுவேன்.